நோட்டே அடிக்காமல் 89,500 கோடி பவுண்டு

கேள்வி: ‘குவான்டிடேட்டிவ் ஈஸிங்’ என்று பெயர் வைத்துக்கொண்டு அமெரிக்காவும் இங்கிலாந்தும் இஷ்டத்துக்கு நோட்டு அடித்து மக்களுக்குக் கொடுத்தன. அவர்கள் செய்தால் மேதைமை, நாம் செய்தால் மட்டும் பணவீக்கமா? நம் ரிசர்வ் வங்கியும் அடித்து அரசின் கடனை அடைத்துவிட்டால் என்ன?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நோட்டும் அடிக்கவில்லை, மக்களுக்கும் கொடுக்கவில்லை, கடனும் அடையவில்லை. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. போய் விழுகிற இடம்தான் தப்பு. இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். லாப நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்பது அங்கே தெளிவாகத் தெரியும்.

2009 மார்ச் 5 அன்று அந்நாட்டு மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் வட்டி விகிதத்தை 0.5 சதவீதத்துக்கு இறக்கியது. 1694-ல் தொடங்கிய அந்த வங்கியின் வரலாற்றில் அதுவரை வட்டி அவ்வளவு கீழே போனதில்லை. அதற்கு மேல் இறக்க இடமில்லை என்று நினைத்தார்கள். ஆனால் மத்திய வங்கி நேரடியாகக் கையாள்வது மிகக் குறுகிய காலப் பணத்துக்கான வட்டியைத்தான். தொழிற்சாலை கட்டுகிறவர் ஓரிரவுக்கா கடன் வாங்குகிறார்? அவருக்கு வேண்டிய நீண்டகாலக் கடனின் வட்டி இன்னும் உயரத்தில் இருந்தது. அதை இறக்கத்தான், அதே நாளில், 7,500 கோடி பவுண்டுக்குப் பத்திரங்கள் வாங்கப் போவதாக அறிவித்தார்கள். இப்படி வாங்குவதற்குத்தான் குவான்டிடேட்டிவ் ஈஸிங் என்று பெயர். வாங்கியதில் பெரும்பகுதி பிரிட்டிஷ் அரசின் கடன் பத்திரங்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே இலக்கு 20,000 கோடி பவுண்டாகிவிட்டது.

பத்திரம் வாங்கினால் வட்டி ஏன் இறங்க வேண்டும்? ஒரு பத்திரம் ஆண்டுக்கு 4 பவுண்டு தருகிறது என்று வையுங்கள். அந்த 4 மாறாது. 100 பவுண்டுக்கு வாங்கியவருக்கு அது 4 சதவீதம். பெரிய கை ஒன்று சந்தைக்குள் வந்து அள்ள ஆரம்பித்ததும் விலை 110 ஆகிறது. இப்போது வாங்குகிறவருக்கும் அதே 4 பவுண்டுதான், அதாவது சுமார் 3.6 சதவீதம். முதிர்வில் 100தான் திரும்பி வரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் குறைவு. அரசுப் பத்திரம் இவ்வளவுதான் தரும் என்றானதும் கம்பெனிகளின் பத்திரங்களைத் தேடிப் போகிறார்கள், அந்த வட்டியும் இறங்குகிறது. முதல் சுற்று நீண்டகால அரசுப் பத்திர வட்டியை ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளி இறக்கியது என்பது அந்த வங்கியின் ஆய்வாளர்களே பின்னர் போட்ட கணக்கு.

சரி, பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது? ஓர் ஓய்வூதிய நிதியம் 1 கோடி பவுண்டுக்குப் பத்திரம் விற்கிறது என்று கொள்வோம். அதற்கு மத்திய வங்கியில் கணக்கு கிடையாது. ஏதோ ஒரு சாதாரண வங்கியில்தான் உண்டு. எனவே மத்திய வங்கி, அந்தச் சாதாரண வங்கி தன்னிடம் வைத்திருக்கும் ரிசர்வ் கணக்கில் 1 கோடியை வரவு வைக்கிறது. அந்த வங்கி நிதியத்தின் டெபாசிட்டில் 1 கோடியை ஏற்றுகிறது. நேற்று இல்லாத பணம், கம்ப்யூட்டரில் எழுதப்பட்ட இரண்டு வரவுகளாக இன்று வந்துவிட்டது. அச்சகத்துக்கு இதில் வேலையே இல்லை.

நிதியத்துக்கு லாபமா? கையிலிருந்த 1 கோடி பவுண்டு பத்திரம் போய் 1 கோடி டெபாசிட் வந்திருக்கிறது. நீங்கள் ஐந்து வருட டெபாசிட்டை உடைத்து சேமிப்புக் கணக்கில் போட்டால் பணக்காரர் ஆகிவிடுவீர்களா, அதுபோலத்தான். ஆனால் சேமிப்புக் கணக்கு வட்டியில் ஓய்வூதியம் கொடுக்க முடியாது. ஆகவே நிதியம் பங்குகளையும் கம்பெனிப் பத்திரங்களையும் வாங்குகிறது, அவற்றின் விலை ஏறுகிறது. ஏறியதில் யாருக்கு ஆதாயம்? ஏற்கெனவே வைத்திருந்தவருக்கு. இதையும் வேறு யாரும் போய்க் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை: ஓய்வூதிய நிதிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், வீடுகளின் நிதிச் சொத்தில் சுமார் 40 சதவீதம் மேல்தட்டு 5 சதவீதக் குடும்பங்களின் கையில் இருக்கிறது என்று 2012-ல் பேங்க் ஆஃப் இங்கிலாந்தே எழுதியது. இதைச் செய்யாவிட்டால் வேலை இழப்பு இன்னும் மோசமாக இருந்திருக்கும், அதனால் இது எல்லாருக்கும் நல்லதுதான் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனாலும் உங்கள் கோபத்தை வைக்கச் சரியான இடம் இதுதான்.

இவ்வளவு பணம் உருவாகியும் 2009-க்குப் பிறகு விலைவாசி ஏன் பறக்கவில்லை என்றால், ரிசர்வ் கணக்கில் கிடக்கும் பணம் வங்கிகளுக்கிடையில் மட்டுமே நகரும். அதை எடுத்து வங்கி யாருக்கும் கடனாகத் தர முடியாது. நம்பிக் கொடுக்க ஆளும், நஷ்டத்தைத் தாங்க மூலதனமும் இருந்தால்தான் ஒரு வங்கி கடன் கொடுக்கும். அன்று இரண்டுக்கும் பஞ்சம். 2020-21 கதை வேறு. மத்திய வங்கி மேலும் 45,000 கோடி பவுண்டுக்கு வாங்கியது, மொத்தம் 89,500 கோடி ஆனது. அதே நேரத்தில் அரசு கோவிட் ஊரடங்கில் வேலை நின்ற ஊழியர்களின் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தானே கொடுத்தது. அந்தப் பணம் நேராக வீடுகளுக்குப் போனது. 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதம். எரிவாயு விலையை உக்ரைன் போர் ஏற்றியதுதான் அதில் பெரிய பங்கு என்று நான் நினைக்கிறேன். பத்திரம் வாங்கியதற்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்தக் கடன். மத்திய வங்கி வாங்கியதால் பத்திரம் கிழித்துப் போடப்படவில்லை. அரசு அதற்கு வட்டி கட்டிக்கொண்டேதான் இருந்தது. மறுபக்கம், சாதாரண வங்கிகளின் ரிசர்வ் கணக்குகளுக்கு மத்திய வங்கி வட்டி கொடுக்க வேண்டும். அந்த விகிதம் 0.5 சதவீதமோ அதற்கும் கீழோ இருந்தவரை நல்ல லாபம். 2022 வரை சுமார் 12,400 கோடி பவுண்டு கஜானாவுக்குப் போனது. பிறகு பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏற்றினார்கள், 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதம். குறைந்த வட்டி தரும் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிக வட்டி கட்டும் நிலை. விலையும் விழுந்துவிட்டதால் விற்றாலும் நஷ்டம். நஷ்டத்தை ஏற்பதாக அரசு ஆரம்பத்திலேயே உத்தரவாதம் கொடுத்திருந்தது. எனவே பணம் திசை மாறி, கஜானாவிலிருந்து மத்திய வங்கிக்குப் போக ஆரம்பித்தது. அடைபட்ட கடனுக்கு இப்படி ஒரு பில் வருமா?

நாம் மட்டும் செய்யவில்லை என்பதும் சரியல்ல. 2021 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஜி-சாப் என்ற பெயரில், அந்தக் காலாண்டில் 1 லட்சம் கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்குவதாக முன்கூட்டியே அறிவித்தது. அடுத்த காலாண்டுக்கு 1.2 லட்சம் கோடி. வாங்கியது அரசிடமிருந்து நேரடியாக அல்ல, சந்தையில் ஏற்கெனவே வைத்திருந்தவர்களிடம். அரசு வெளியிடும்போதே ரிசர்வ் வங்கி வாங்குவதை நம் நிதிப் பொறுப்புச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, 2006 ஏப்ரலிலிருந்து தடுத்திருக்கிறது. 2021-ல், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான நம் ரெப்போ விகிதம் 4 சதவீதம், அதாவது இங்கிலாந்தைப் போலக் கீழே போக இடமில்லாத நிலை நமக்கு வரவே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில், சந்தையில் பணப்புழக்கம் தேவைக்கு மேல் இருக்கிறது என்று சொல்லி ஜி-சாப்பை நிறுத்திக்கொண்டார்கள்.