முதியோர் இல்லம் தொடங்க முன் இரவு ரோஸ்டரை எழுதுங்கள்

பதினான்கு வருடம் வவுனியாப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் நிர்வாகம் என் கையில் இருந்தது. அதற்கு முன் தாதியாக வேலை செய்தேன். இல்லம் தொடங்க யோசிப்பவர்கள் எனக்கு அனுப்பிய கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன். அவற்றில் பாதி கட்டடம் பற்றியவை: எத்தனை அறை, என்ன ஓடு, லிப்ட் வேண்டுமா என்று. அவற்றை விட்டுவிட்டேன். வன்னியில் காணியும் கட்டடமும் கிடைத்துவிடும். இல்லம் தடுமாறுவது ஆட்களில்தான், அதுவும் இரவில்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு காணிக்காரர்: மாமாவின் காணி இருக்கு. 20 பேருக்கு ஒரு இல்லம் யோசிக்கிறம். 5 பேருக்கு ஒரு பராமரிப்பாளர் என்று வாசிச்சன். அப்ப 4 பேரை எடுத்தால் காணும்தானே?

நீங்கள் வாசித்தது பிழையில்லை. ஆனால் அது ஒரு ஷிப்டுக்கான கணக்கு, சம்பளப் பட்டியலுக்கான கணக்கு அல்ல. காலை ஆறிலிருந்து பத்து வரைதான் இல்லத்தின் நெருக்கடி நேரம். குளிக்க வார்க்க வேண்டும், மலசலகூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், இன்சுலின், சாப்பாடு எல்லாமே அந்த நாலு மணித்தியாலத்துக்குள். அந்த நேரத்துக்கு 4 பேர் தேவை. பின்னேரம் 3 பேர், இரவுக்கு 2 பேர். ஒரு நாளுக்கு 9 ஷிப்ட், கிழமைக்கு 63.

கிழமைக்கு 45 மணித்தியாலம் வேலை செய்யும் ஒருவர் எட்டு மணித்தியால ஷிப்டில் ஐந்தரைதான் பார்க்க முடியும். 63ஐ ஐந்தரையால் பிரித்தால் பதினொன்றரை. இனி லீவு, காய்ச்சல், பிள்ளையின் சாமத்தியவீடு, கோயில் திருவிழா. ஆக 13 பேர். நீங்கள் 4 பேரோடு தொடங்கினால் இரண்டாம் மாதமே ஒவ்வொருவரும் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்பார்கள். மூன்றாம் மாதம் இரண்டு பேர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்கள்.

இன்னொன்று, இருபது பேரும் ஒரே மாதிரி இல்லை. எட்டுப் பேர் தாங்களே நடப்பார்கள், எட்டுப் பேருக்கு ஒரு கை பிடிக்க வேண்டும், நாலு பேர் படுக்கையில் என்று வைத்துத்தான் மேலே சொன்னேன். படுக்கையில் இருப்பவர்கள் எட்டானால் இரவில் 2 பேர் காணாது. அவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும், பாரமானவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். அதனால் கட்டில் காலியாக இருந்தாலும் ஐந்தாவது படுக்கை நோயாளியை எடுக்க முன் யோசியுங்கள்.

மல்லாவியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தாதி: இரவில எல்லாரும் நித்திரை. நான் வாட்டில தனியாவே 30 பேரைப் பார்த்திருக்கிறன். ஒருவரும் ஒரு காவலாளியும் போதும், வீணாச் செலவழிக்க வைக்காதேங்கோ.

அக்கா, வாட்டில் நீங்கள் தனியாக நின்றது உண்மை. ஆனால் பக்கத்து வாட்டில் ஒருவர் இருந்தார், ஓடிவர டொக்டர் இருந்தார். இல்லத்தில் அது இல்லை.

நாங்களும் முதல் வருடம் ஒருவரோடுதான் ஓட்டினோம். ஒருநாள் இரவு இரண்டரை மணிக்கு ஒரு ஐயா மலசலகூட வாசலில் விழுந்தார். இடுப்பைத் தூக்கமுடியவில்லை. 1990க்கு அடித்தோம், அம்புலன்ஸும் வந்தது. ஐயாவோடு யார் போவது? இரவு வேலையில் இருந்த ஒரே பராமரிப்பாளர் பிள்ளை போனாள். விடியும் வரை பதினொரு பேருக்கு காவலாளி மட்டும். அதில் ஒரு ஆச்சி சீனி வருத்தக்காரி, விடிய எழும்பும்போது வியர்த்துக் கொட்டி, வேறு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தா. சீனி இறங்கியிருந்தது. அந்த மனுசன் அதை நித்திரைக் கலக்கம் என்று நினைத்துப் போர்த்திவிட்டிருந்தார். நான் வந்து சீனித்தண்ணி கொடுத்துத்தான் ஆள் தெளிந்தா. காவலாளியில் குற்றமில்லை, அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ரோஸ்டரை எழுதிய நான்தான் பிழை விட்டது.

இரண்டாவது ஆள் எதற்கு என்றால், முதலாவது ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகும் இரவுக்கு.

மாங்குளம், சங்கம் ஒன்றின் பொருளாளர்: மாதக் கட்டணம் எவ்வளவு வைக்கலாம்? 40,000 என்று சனம் எதிர்பார்க்குது.

சனம் எதிர்பார்ப்பதிலிருந்து தொடங்காமல் ரோஸ்டரிலிருந்து தொடங்குவோம். தொகைகள் என் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். 13 பராமரிப்பாளர்களுக்கும் தலா 40,000. அதற்கு மேல் முதலாளி பங்கு ஈ.பி.எப். 12%, ஈ.டி.எப். 3%. இதைப் பலர் மறந்துவிட்டுப் பிறகு தொழில் திணைக்களத்தில் நிற்கிறார்கள். இது 5 இலட்சத்து 98 ஆயிரம். ஒரு தாதி, ஒரு முகாமையாளர், இரண்டு சமையல்காரர், துணி துவைக்கவும் கூட்டவும் இரண்டு பேர், இவர்களுக்கு 3 இலட்சத்து 45 ஆயிரம். சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 700. மின்சாரம், சவர்க்காரம், வாகனம், திருத்தம் எல்லாம் சேர்த்து இரண்டரை இலட்சம்.

இப்போது 20ஆல் பிரிக்காதீர்கள். இருபது கட்டிலும் நிரம்பிய மாதம் அபூர்வம். ஒருவர் காலமாகி அடுத்தவர் வர இரண்டு மாதம்கூடச் செல்லும். 17 பேர் என்று வைத்தால் மொத்தச் செலவு 15 இலட்சத்து 50 ஆயிரம், தலைக்கு 91,000. வாடகையோ வங்கிக் கடனோ இதில் இல்லை. பம்பர்ஸ், மருந்து, ஆஸ்பத்திரியில் கூட நிற்பவரின் கூலி இவையும் தனி.

40,000க்கு நடத்த முடியும். அப்படி நடத்தும் இடத்தில் இரவு ஒன்பதுக்குப் பிறகு போய்ப் பாருங்கள்.

அதே பொருளாளர்: 91,000 எங்கட பக்கத்தில யார் கட்டுவினம்? வெளிநாட்டுப் பிள்ளைகள் இல்லாத ஆட்களை என்ன செய்யிறது?

இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. நாங்கள் நாலு கட்டிலைக் குறைந்த கட்டணத்துக்கு வைத்திருந்தோம். மேலே உள்ள கணக்கில் நாலு பேர் 30,000 கட்டினால் மிச்சம் 13 பேருக்கும் 1 இலட்சத்து 10 ஆயிரம் வரும். கனடா மகனொருவன் அதைக் கேட்டு, "என்ர அம்மாவின்ர காசில நீங்கள் தர்மம் செய்யிறியள்" என்றான். கோபம் வந்தது, ஆனால் அவன் கேட்டதில் நியாயமும் இருந்தது. பிறகு அதை ஒப்பந்தத்திலேயே வெளிப்படையாக எழுதினோம், விருப்பமில்லாதவர்கள் வேறு இடம் பார்த்தார்கள். நன்கொடையை மட்டும் நம்பி அந்த நாலு கட்டிலை நடத்தலாம் என்பவர்களும் உண்டு. எங்களுக்கு நன்கொடை பிறந்தநாள் சாப்பாடாகத்தான் வந்தது, சம்பளமாக வரவில்லை.

முல்லைத்தீவிலிருந்து ஒருவர்: ஒரு டொக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில வந்து பார்க்கிறன் என்றார். சமூக சேவையில பதிஞ்சால் மிச்சம் எல்லாம் சரி என்கினம். மருத்துவத் தொடர்பு அவ்வளவுதானே?

பதிவு கட்டாயம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அதைக் கேட்கிறது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்தால் படிவங்களைச் சொல்வார். ஆனால் பதிவுத் துண்டு இரத்த அழுத்தம் பார்க்காது.

ஞாயிற்றுக்கிழமை டொக்டர் நல்லது. ஆனால் ஒருவரும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து விழுவதில்லை. எனக்கு வேண்டியிருந்தது மூன்று. முதலாவது, மாதாந்தக் கிளினிக். ஆளுக்கொரு நாளில் போனால் மாதம் முழுக்க ஒரு பராமரிப்பாளர் ஆஸ்பத்திரி வாங்கிலேயே இருப்பார். கிளினிக்கில் கதைத்து நாலைந்து பேருக்கு ஒரே திகதி எடுங்கள், வானும் ஒன்று காணும். இரண்டாவது, இரவில் போனில் கதைக்க ஒரு டொக்டர், மாதக் கொடுப்பனவோடு. இலவசமாகச் செய்யச் சொன்னால் மூன்றாம் தடவை போன் எடுக்கமாட்டார். மூன்றாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: என்ன வருத்தம், என்ன குளிசை, எது ஒத்துக்கொள்ளாது, யாருக்கு அடிக்க வேண்டும். அதைக் கிளினிக் கொப்பியோடு கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் எடுப்பவரின் தாளில் சிவப்புக் கோடு. அவர் தலை அடிபட விழுந்தால், காயம் தெரியாவிட்டாலும், எழும்பிக் கதைத்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான்.

நோவுக் குளிசையைக் கடையில் வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். எங்கள் பக்கத்தில் சிறுநீரக வருத்தக்காரர் குறைவில்லை, டைக்ளோபெனக் அவர்களுக்கு நஞ்சு மாதிரி.

டொரன்டோவிலிருந்து ஒரு மகன்: அம்மா முள்ளியவளையில தனிய. உங்கட இல்லத்தில இடம் இருக்கா? காசு பிரச்சினை இல்லை.

தம்பி, நான் இப்போது இல்லம் நடத்தவில்லை, இங்கே நடத்தப்போகிறவர்கள்தான் கேட்கிறார்கள். ஆனால் உங்கள் கேள்வி அவர்களுக்கும் பயன்படும், ஏனென்றால் அவர்கள் நம்பிக்கை பெற வேண்டியது உங்களிடம்தான்.

பார்க்கப் போகும் சொந்தக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லாமல் போகட்டும், பின்னேரச் சாப்பாட்டு நேரத்தில். வரவேற்பறையில் இருக்காமல் சமையலறைக்குள் போகக் கேட்கட்டும். பிறகு நிறைக் கொப்பியைக் கேட்கட்டும். மாதம் ஒருமுறை எல்லோரையும் தராசில் ஏற்றி எழுதும் இடம் பெரும்பாலும் நல்ல இடம். ஆச்சி ஒருவர் 46 கிலோவிலிருந்து மூன்று மாதத்தில் 42க்கு வந்தால், சாப்பாடு ஊட்ட ஆளில்லை, அல்லது பல்லோ தொண்டையோ கரைச்சல், அல்லது உள்ளே வேறு வருத்தம். வீடியோவில் அம்மா சிரிப்பா. தராசு சிரிக்காது.

நாங்கள் அந்தக் கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து மாதம் முதலாம் கிழமை பிள்ளைகளுக்கு அனுப்பினோம். நிறை குறைந்தாலும் அனுப்பினோம். முதல் தடவை ஒரு மகள் சண்டைக்கு வந்தா. ஆறு மாதம் போக அவதான் மற்றவர்களுக்கு எங்களைச் சொல்லி அனுப்பினா. விழுந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும், அங்கே நடுச்சாமம் என்றாலும். இரண்டு நாள் கழித்து நீலம் பாரித்த முகத்தை வீடியோவில் கண்ட பிள்ளை அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பாது.

அம்மா வர விரும்புகிறாவா என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் கேளுங்கள்.

புதுக்குடியிருப்புக் காணிக்காரர், மீண்டும்: விளங்குது. இன்னும் தொடங்கேல்லை, அதுக்குள்ள ஒரு அம்மா வந்து, மாதக் காசு கட்ட ஏலாது, ரெண்டு ஏக்கரை இல்லத்தின்ர பேருக்கு எழுதித்தாறன் என்கிறா. வாங்கலாமா?

வேண்டாம். பென்சன் புத்தகம், வங்கி அட்டை, உறுதி, இந்த மூன்றும் இல்லத்து அலுமாரிக்குள் வரக்கூடாது. எங்கள் பக்கத்துக் காணிகளில் நிறைய அரச அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலகத்துக்குத் தெரியாமல் கைமாற்ற முடியாது, பின்னுரித்தாளியாகப் பிள்ளையின் பெயரும் இருக்கும். அது தனி உறுதிக் காணியாக இருந்தாலும் அந்த அம்மா நாளைக்குக் காலமானால், காணிக்காகக் கவனிக்காமல் விட்டார்கள் என்று ஊர் கதைக்கும். அதை எந்தக் கொப்பியைக் காட்டியும் மறுக்க முடியாது.

அவவுக்குக் குத்தகை ஒரு வழி. காணியை அவ தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு வயலுக்கோ தோட்டத்துக்கோ கொடுத்து, வரும் காசைக் கட்டணத்தில் ஒரு பங்காகக் கட்டலாம். அனுமதிப்பத்திரக் காணியென்றால் அதையும் செயலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எழுதும்போது கிராம அலுவலரும் பிள்ளைகளில் ஒருவரும் இருக்கட்டும். பிள்ளைகள் எங்கே என்று கேட்டீர்களா?