மீன்முள் படத்தில் 23 காரணங்கள். ரிப்போர்ட்டில் எதை, எந்த வரிசையில் எழுதுவது?

கேள்வி: வார்ப்பட ஆலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ஒரு ரிஜெக்ஷனுக்கு 8டி ரிப்போர்ட் கேட்டிருக்கிறார்கள். டீமோடு உட்கார்ந்து மீன்முள் படம் போட்டதில் 23 காரணங்கள் வந்துவிட்டன. இதை வைத்து பகுப்பாய்வுப் பகுதியை எப்படி எழுதுவது?

பதில்:

நானும் கோவையில் ஒரு ஃபவுண்டரியில்தான் வேலை பார்த்தேன். முதல் ரிப்போர்ட்டில் மனிதர், இயந்திரம், பொருள், முறை என்று படத்தின் முள்களையே துணைத்தலைப்புகளாக வைத்து நான்கு பக்கம் எழுதினேன். வாடிக்கையாளர் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்: "இவற்றில் எது நடந்தது?" முள்கள் தேடுவதற்கான அறைகள். பழுது வந்த கதை அந்த அறைகளின் வரிசையில் நடப்பதில்லை.

அதற்கு அடுத்த ரிப்போர்ட்டை எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். பொருள் கிரே அயர்ன் பம்ப் கேசிங். அதன் உட்குழிவுக்காக மோல்டுக்குள் கோர் என்ற மணல் அச்சை வைப்போம், வாயு வெளியேற அதில் வென்ட் துளை இருக்கும். மெஷினிங் முடிந்தபின் பிளோ ஹோல், அதாவது வாயு சிக்கி விழுந்த ஓட்டை, தெரிந்தது.

முதலில் மீனின் தலையை, அதாவது பழுதைச் சொல்லும் வாக்கியத்தைத் திருத்தினோம். "ரிஜெக்ஷன் அதிகம்" என்று எழுதினால் உலகத்தில் உள்ள எல்லாக் காரணமும் வந்து ஒட்டிக்கொள்ளும். "பம்ப் கேசிங், வால்யூட் உள்சுவரின் மேல்பக்கத்தில் பிளோ ஹோல், அக்டோபர் 2-வது வாரம் முதல், 4 சதவீதத்திலிருந்து 11 சதவீதம்" என்று எழுதினோம். எங்கே, எப்போதிருந்து, எவ்வளவு என்பது தலையிலேயே இருந்தால் பாதி முள்களுக்கு அங்கேயே கேள்வி வந்துவிடும்.

அடுத்து முள்களின் வாசகம். எங்கள் படத்தில் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று ஒன்று இருந்தது. "கோர் ரூமில் டிஹியூமிடிஃபையர் இல்லை" என்று இன்னொன்று. முதலாவதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. இரண்டாவது, காரணம் மாதிரி எழுதப்பட்ட தீர்வு. "வென்ட் துளை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது யாருடைய வேலையாகவும் எழுதப்படவில்லை", "செய்து வைத்த கோர் ஈரம் இழுக்கிறது" என்று மாற்றினோம். போய்ப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடிகிற வாக்கியமாக ஒவ்வொரு முள்ளும் இருக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு முள்ளையும் பழுது உள்ள இடம், இல்லாத இடம் இரண்டோடும் உரசிப் பார்த்தோம். நேரம் முழுக்க இதற்குத்தான் போனது, போகவும் வேண்டும். மோல்டு செய்யும் பச்சை மணலில் ஈரம் அதிகம் என்பது எல்லோருடைய முதல் சந்தேகம். ஆனால் அதே மணலில், அதே நாளில் ஊற்றிய, கோர் இல்லாத மோட்டார் எண்டு கவரில் ஒரு ஓட்டைகூட இல்லை. மணல் லாக்கிலும் ஈரம் முந்தைய மாதங்களைப் போலவே 3.2 முதல் 3.6 சதவீதம். அந்த முள் போயிற்று. ஊற்றும்போது இரும்பின் சூடு குறைவு என்பது அடுத்தது. அப்படியென்றால் லேடிலில் இரும்பு ஆறிய பிறகு ஊற்றும் கடைசி மோல்டுகளில் பழுது கூடியிருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. அதுவும் போயிற்று.

மிஞ்சியது கோர் பக்கம். கேசிங்கில் ஊற்றிய தேதி பதிந்திருக்கும். ரிஜெக்ட் ஆன 61 கேசிங்கையும் கிழமைவாரியாகப் பிரித்தபோது 44 திங்கட்கிழமை ஊற்றியவை. ஏன் திங்கட்கிழமை என்று எனக்குப் புரியவில்லை. கோர் ஷாப்பில் இருபது வருடமாக வேலை பார்த்த அக்கா ஒருவரிடம் போய்க் கேட்டேன்.

"சனிக்கெழம போட்ட கோருங்க தம்பி. மழ நாள்ல ஞாயித்துக்கெழம பூரா அப்படியே கெடந்துச்சுன்னா, திங்கக்கெழம கையில எடுத்தா மாவாட்டம் உதிரும்."

எங்களுடையது சோடியம் சிலிகேட் கலந்து சிஓ2 வாயு விட்டு இறுக்கும் கோர். ஈரக்காற்றில் வைத்தால் அது நீர் இழுக்கும். சனிக்கிழமை மாலை எடை போட்டு, திங்கள் காலை மறுபடி போட்டோம். 2.4 கிலோ கோரில் 11 கிராம் ஏறியிருந்தது. அந்த நீர் உருகிய இரும்பு பட்டதும் ஆவியாகி, வெளியேற வழியில்லாவிட்டால் இரும்புக்குள் குமிழாகச் சிக்கும். குமிழ் மேலே ஏறும் என்பதால்தான் ஓட்டை மேல்பக்கத்தில்.

ஆனால் முந்தைய வருட மழையிலும் இதே கோர்தானே? இந்தக் கேள்விதான் இரண்டாவது முள்ளைக் காட்டியது. எங்களிடம் கோர் பாக்ஸ் இரண்டு. பாக்ஸ் எண் கேசிங்கின் உள்ளே பதிந்து வரும். அந்த 44-ல் 39-ல் எண் 2 இருந்தது. அந்தப் பாக்ஸில் வென்ட் துளை போடும் முளை அக்டோபர் தொடக்கத்தில் உடைந்திருக்கிறது. கையால் கம்பி குத்திச் சமாளித்திருக்கிறார்கள், சிலவற்றில் துளை பாதியோடு நின்றுவிட்டது.

ஆக, படத்தில் இரண்டு வேறு முள்களில் கிடந்த காரணங்கள் சேர்ந்தால்தான் ஓட்டை விழுகிறது. மீன்முள் படத்தின் பெரிய குறை இதுதான்: முள்கள் தனித்தனியாக முதுகெலும்பைத் தொடும், ஒன்றையொன்று தொடாது. சேர்க்கையைத் தேடுவது உங்கள் வேலை. நாங்கள் நான்கு விதமாகப் பத்துப் பத்து கேசிங் ஊற்றிப் பார்த்தோம். ஓவனில் உலர்த்தாத, பாக்ஸ் 2 கோரில் 6 பழுது. உலர்த்தாத பாக்ஸ் 1-ல் 1. உலர்த்திய பாக்ஸ் 2-ல் 1. உலர்த்திய பாக்ஸ் 1-ல் ஒன்றும் இல்லை. மொத்தம் 40 கேசிங் சின்ன எண்ணிக்கைதான். அதை ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினேன்.

இவ்வளவுக்குப் பிறகு எழுதுவது சுலபம். எங்கள் படத்தில் ஒவ்வொரு முள்ளின் பக்கத்திலும் உறுதி, விலக்கப்பட்டது, தெரியவில்லை என்ற மூன்றில் ஒன்றைக் குறித்திருந்தோம். உறுதியானவற்றை மட்டும் எடுத்து, நடந்த வரிசையில் கோத்தேன். பகுப்பாய்வின் முதல் பத்தி இது:

"கோரில் ஏறிய ஈரம் ஆவியாகி, அடைபட்ட வென்ட் வழியே வெளியேற முடியாமல் உலோகத்தில் சிக்கியதே பிளோ ஹோலுக்கு நேரடிக் காரணம். சனிக்கிழமைக் கோர்கள் மழைக்காலத்தில் மூடாமல் ஒன்றரை நாள் கிடந்ததால் ஈரம் ஏறியது. பாக்ஸ் 2-ன் முளை உடைந்ததால் வென்ட் அடைபட்டது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்த கேசிங்குகளில் பழுது மிகக் குறைவு."

அடுத்த பத்தி, ஏன் நாம் முன்பே பிடிக்கவில்லை என்பது. ஓட்டை தோலுக்கு அடியில் இருந்ததால் மெஷினிங்கில்தான் தெரிந்தது. வென்ட்டைப் பார்ப்பதும் யாருடைய வேலையாகவும் இல்லை. இந்தக் காரணம் ஓட்டையை உண்டாக்கவில்லை, பழுதான சரக்கு வெளியே போகவிட்டது. அதனால் மேலே உள்ள சங்கிலியோடு கலக்காமல் தனியாக வைத்தேன்.

மூன்றாவது பத்தியில் மணலும் இரும்பின் சூடும் ஏன் விலக்கப்பட்டன என்று மூன்று வரி. இதை விட்டுவிடாதீர்கள், படிப்பவர் மனதில் முதலில் எழும் சந்தேகமே அதுதான். "தெரியவில்லை" என்று மிஞ்சிய முள்கள், எங்களுக்கு இரண்டு, என்ன தரவு இல்லாததால் முடிவு சொல்ல முடியவில்லை என்ற குறிப்போடு கடைசியில் வந்தன. முழுப் படம் பின்னிணைப்பில் போனது.

உங்கள் 23-ஐயும் இப்படி உரசினால் எழுதுவதற்கு மூன்று நான்குதான் மிஞ்சும் என்று நினைக்கிறேன். பத்துக்கு மேல் மிஞ்சினால் எழுத ஆரம்பிக்காமல் தலையை இன்னும் குறுக்குங்கள். இரண்டு வேறு பழுதுகளை ஒரே மீனில் போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.