கண்ணாடி போட்டாச்சே, இனி எதற்கு முதல் பெஞ்ச்?

"மகனுக்கு முதல் முறையாகக் கண்ணாடி போட்டிருக்கிறோம். முன்னால் உட்கார வைக்கச் சொல்லி கிளாஸ் டீச்சருக்கு எப்படி லெட்டர் எழுதுவது? மாதிரி இருந்தால் கொடுங்கள்."

போன வருடம் நான் எழுதிய முதல் லெட்டர் ஒரே வரிதான்: மகளுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறது, முன் வரிசையில் உட்கார வைக்கவும். படித்துவிட்டு டீச்சர் கேட்டதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். எனக்குச் சுருக்கென்று வந்தது, ஆனால் பதில் தெரியவில்லை. யோசித்தால் அது நியாயமான கேள்வி. வெறும் கிட்டப்பார்வை என்றால், சரியான பவரில் கண்ணாடி போட்ட பிள்ளைக்குக் கடைசி பெஞ்சிலிருந்தும் போர்டு தெரியும். உங்கள் மகனுக்கு அப்படி என்றால் லெட்டரே தேவைப்படாது.

எங்கள் கதை வேறு. கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் மீடியம், மூன்றாம் வகுப்பு. போர்டைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறாள் என்று சொன்னதே அந்த டீச்சர்தான். வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய்ப் பார்த்தோம். கிட்டப்பார்வை இல்லை, கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததற்குப் போடும் சிலிண்டர் பவர், இரண்டு கண்ணிலும் 3. கண்ணாடி போட்ட பிறகும் 6/18 வரைதான் படித்தாள். கண்ணாடி தப்போ என்று கேட்டேன். "கண்ணாடி சரிதான். இத்தனை வருடம் தெளிவான படமே மூளைக்குப் போகவில்லை, அது இனிமேல்தான் பழக வேண்டும். நாள் முழுக்கப் போட்டால் மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்றார் டாக்டர்.

6/18 என்றால், நல்ல கண் 18 மீட்டரில் படிப்பதை இவள் 6 மீட்டரில் நின்றுதான் படிக்க முடியும். அதாவது மூன்றில் ஒரு பங்கு தூரம். கடைசி பெஞ்ச் போர்டிலிருந்து 20 அடி என்றால், அங்கே மற்றவர்களுக்குத் தெரிவது போல இவளுக்குத் தெரிய ஏழடிக்குள் உட்கார வேண்டும். டீச்சரிடம் சொல்ல வேண்டியிருந்தது இந்தக் கணக்கைத்தான்.

அப்புறம் இடம் கொடுத்தார்கள், முதல் பெஞ்சில் ஜன்னலோரக் கடைசி. அங்கிருந்து போர்டு சாய்வாகத் தெரியும், வெயில் பட்டுப் பாதி போர்டு பளபளக்கும். தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிக்கிறது என்றாள். போதாததற்கு, திங்கட்கிழமை தோறும் பெஞ்ச் மாற்றும் வழக்கத்தில் இரண்டே வாரத்தில் மூன்றாவது பெஞ்சுக்குப் போய்விட்டாள். டீச்சரைக் குறை சொல்லவில்லை, நான் கேட்டது "முன் வரிசை", அதைத்தான் கொடுத்தார். அதனால் இரண்டாவது லெட்டர்:

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,
என் மகளுக்கு இந்த மாதம் முதல் கண்ணாடி போட்டிருக்கிறோம். கண்ணாடியோடும் இப்போது 6/18தான் தெரிகிறது. பார்வை ஏறச் சில மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை முதல் இரண்டு பெஞ்சுகளில், போர்டுக்கு நேராக நடுவில் உட்கார வைக்க வேண்டுகிறேன். பெஞ்ச் மாற்றும்போது அந்த இரண்டு பெஞ்சுக்குள்ளேயே மாற்றினால் போதும். வகுப்பில் கண்ணாடியைக் கழற்றினால் எனக்குச் சொல்லுங்கள். செப்டம்பரில் மறுபரிசோதனை முடிந்ததும் இந்த இடம் இன்னும் தேவையா என்று எழுதித் தருகிறேன். மருந்துச் சீட்டின் நகல் இணைத்துள்ளேன்.

நான் சலுகை கேட்கிறேன் என்று சொல்பவர்கள், லெட்டரில் முடிவுத் தேதி இருப்பதைக் கவனிக்கவும். மற்ற பெற்றோரின் முணுமுணுப்பு அடங்கியது அந்த வரியால்தான். கண்ணாடியைக் கழற்றும் வரியும் சும்மா போட்டதில்லை. முதல் வாரம் தரை சாய்ந்தது போல இருக்கிறது என்றாள், வகுப்பில் பிள்ளைகளின் கிண்டல் வேறு. மத்தியானத்துக்கு மேல் கண்ணாடி பைக்குள் போய்விடும்.

லெட்டரைத் தமிழில் எழுதினேன், டீச்சர் தமிழில் படித்தார், அவ்வளவுதான். ஆனால் ஒரு அரசு அலுவலகத்தில் தமிழில் கொடுத்த மனுவை "மலையாளத்தில் எழுதி வா" என்று திருப்பித் தந்தார்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் சொந்த மொழியில் எழுத இடம் கொடுத்திருக்கிறது. கவுண்டரில் நின்று அதை யாருக்குச் சொல்வது? சரி, அது இங்கே கேட்ட கேள்வி இல்லை.

ஓணப் பரீட்சை முடிந்து மறுபரிசோதனைக்குப் போனபோது 6/9. மூன்றாவது பெஞ்சுக்கு மாற்றலாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

நான் டாக்டர் இல்லை, மாதிரியை அப்படியே பார்த்து எழுத வேண்டாம். 6/18 இருக்கும் இடத்தில் உங்கள் சீட்டில் இருப்பதை எழுதுங்கள். சில சீட்டுகளில் கண்ணாடியின் பவர் மட்டும்தான் இருக்கும். கண்ணாடியோடு எவ்வளவு தெரிகிறது என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.