கூரை மழைநீருக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? கேள்வி பதில்

"செராங்கூனில் தரைவீடு. கூரை 90 சதுர மீட்டர். செடிகளுக்கும் வாசல் கழுவவும் நாளைக்கு 100 லிட்டர் வேண்டும். தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்கட்டும்?"

முதலில் எந்த வடிகுழாயின் கீழ் தொட்டி வரும் என்று பாருங்கள். பின்வாசல் என்றால் பின்பக்கக் கூரையின் நீர் மட்டும்தான் அதில் விழும். ஆக 90 அல்ல, 45.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். மாலை இடிமழை 30 மி.மீ. பெய்தால் 1,350 லிட்டர். ஓடு உறிஞ்சுவதும் தெறித்து வீணாவதும் போக 85 விழுக்காடு வைத்தால் ஏறக்குறைய 1,150. முதல் ஒரு மி.மீ. பறவை எச்சத்தையும் தூசியையும் கழுவி வரும். அந்த 45 லிட்டரை வெளியே விட்டுவிடுங்கள். கையில் 1,100.

ஆண்டுக்கு 2,100 மி.மீ. என்று பார்த்தால் 80,000 லிட்டர் வரும். உங்களுக்குத் தேவை 36,500தான். ஆனால் தொட்டியின் அளவைத் தீர்மானிப்பது மழை பெய்யாத நாள்கள். சிங்கப்பூரில் 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை, 27 நாள் சொல்லும்படி மழை இல்லை. அதைத் தாண்ட 2,700 லிட்டர் வேண்டும். அப்படி எப்போதோ வரும் வறட்சிக்காகப் பின்வாசலை அடைக்க வேண்டாம் என்பேன். 1,000 லிட்டர் தொட்டி பத்து நாள் தாங்கும். மீதிக்குக் குழாய்நீர் இருக்கிறது.

நிரம்பினால் அது ஒரு டன். நான் தரை ஓட்டின் மேலேயே வைத்தேன். இரண்டாவது மழையில் நான்கு ஓடுகள் விரிசல் விட்டன. அடியில் கான்கிரீட் போடுங்கள். வாய்க்கும் வழிகுழாய்க்கும் கொசுவலை கட்டாயம்.

"கூரை சாய்வாக இருக்கிறதே? ஏறி அளந்தால் 45 அல்ல, 52 வருகிறது. நீர் கூடத்தானே வரும்?"

ஓடு வாங்க 52 சரி. மழைக்கு, மேலிருந்து பார்த்தால் தெரியும் பரப்புதான் கணக்கு.

"நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுமத்ரா காற்றில் மழை நேராகவா விழுகிறது? மேற்குப் பக்கச் சுவரே நனைகிறது."

இது நல்ல கேள்வி. காற்றடிக்கும் பக்கத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும், மறுபக்கத்துக்குக் குறையும். முழுக் கூரைக்கும் சேர்த்தால் பெரிய மாற்றம் இராது. ஒரு பக்கத்தை மட்டும் பிடிக்கிறவருக்கு மாறும். இரண்டு பக்கக் குழாயின் கீழும் பீப்பாய் வைத்து, ஒரு மாதம் அளந்து எழுதுங்கள். அதுவரை 45ஐயே வைத்துக்கொள்கிறேன்.

"வீவக வீட்டில் செய்யலாமா?"

கூரை உங்களுடையதல்ல. நகர மன்றத்தைக் கேளுங்கள்.

"குடிக்கலாமா?"

வேண்டாம். குடிநீர்க் குழாயோடு இணைக்கவும் கூடாது.

"என் கூரை 60. தொட்டி எவ்வளவு?"

மேலே படியுங்கள். நாளைக்கு எத்தனை லிட்டர் செலவு, எத்தனை நாள் தாங்க வேண்டும்? இந்த இரண்டையும் பெருக்குங்கள். வலையை மறக்காதீர்கள்; ஒரு வாரம் போதும், ஏடிஸ் முட்டை கொசுவாகிவிடும்.