அரைப் பாதத்தின் கணக்கு: பரா விளையாட்டு வகுப்புகள் பற்றி வாசகர் கேள்விகள்

மிதிவெடியில் தம்பிக்கு வலது கால் விரல்கள் போய்விட்டன. ஈட்டி எறிகிறான். பரா போட்டிக்கு எடுப்பார்களா? (சாவகச்சேரி வாசகி)

விரல் இழப்பு மட்டும் என்றால் எடுக்க மாட்டார்கள், தங்கச்சி. பாதத்தில் குறைந்தது பாதி நீளம் போயிருக்க வேண்டும். நல்ல காலில் பெருவிரல் நுனியில் இருந்து குதிக்காலின் பின்பக்கம் வரை அளப்பார்கள். அது 26 சென்டிமீட்டர் என்றால், மற்றக் காலில் 13 சென்டிமீட்டராவது இல்லாமல் போயிருக்க வேண்டும். வெறும் விரல்கள் அந்தக் கணக்குக்குக் கிட்டவும் வராது.

ஆனாலும் இத்தோடு விட்டுவிடாதீர்கள். வெடித்தபோது நரம்பும் அடிபட்டிருந்தால் கணுக்கால் தசையின் வலுவைத் தனியாகச் சோதிப்பார்கள். பாதத்தை மேலே மடக்கச் சொல்லி, கையால் எதிர்த்துப் பிடித்து, 0 முதல் 5 வரை புள்ளி போடுவார்கள். அந்த வழியில் தகுதி கிடைக்கலாம். அதனால் நரம்பு நிபுணரின் அறிக்கையையும் கோப்பில் வையுங்கள். கால் வலியை மட்டும் காட்டிப் பயனில்லை. வலி தகுதியான குறைபாடாக எண்ணப்படுவதில்லை.

செயற்கைக் கால் போட்டவரும் போடாதவரும் ஒரே போட்டியில் எறிகிறார்களே, இது நியாயமா? (பருத்தித்துறை)

முழங்காலுக்குக் கீழே காலை இழந்து, செயற்கைக் காலோடு எறிபவர் எஃப் 64 என்ற வகுப்பு. செயற்கைக் கால் இல்லாமல், பாதத்திலோ கணுக்காலிலோ குறைபாடு உள்ளவர் எஃப் 44. வகுப்பு வேறு, ஆனால் சில போட்டிகளில் ஈட்டியில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து விடுகிறார்கள். எங்கள் நாட்டு துலான் கொடித்துவக்கு எஃப் 44 வீரர். 2024 பாரிஸ் பராலிம்பிக்கில் அப்படிச் சேர்த்த போட்டியில் 67.03 மீட்டர் எறிந்தார். அது அப்போது அவருடைய வகுப்பில் உலக சாதனை. ஆனாலும் எஃப் 64 வீரரான இந்தியாவின் சுமித் அந்தில் 70.59 மீட்டர் எறிந்ததால் துலானுக்குக் கிடைத்தது வெள்ளி. நியாயமா என்றால், என் மனம் முழுதாக ஒப்பவில்லை. வகுப்புக்கு வகுப்பு தனிப் போட்டி வைப்பதே சரி. ஆனால் தனியாக நடத்தினால் சில வகுப்புகளில் போதிய ஆட்கள் சேர மாட்டார்கள்.

செல் துண்டு பட்டு ஒரு கண் போய்விட்டது. மற்றக் கண் நல்லாயிருக்கு. (நல்லூர்)

எடுக்க மாட்டார்கள். கண்ணாடி போட்ட பிறகும் இரண்டு கண்ணிலும் பார்வை குறைவாக இருக்க வேண்டும்.

சோதனையில் கொஞ்சம் பலவீனமாகக் காட்டினால் இலகுவான வகுப்பு கிடைக்குமாம். உண்மையா? (பெயர் வேண்டாம்)

செய்யாதீர்கள். படுக்கையில் தசையைப் பார்ப்பதோடு அது முடிவதில்லை. அடுத்து ஓடவும் எறியவும் சொல்வார்கள். அப்புறம் முதல் போட்டியிலும் கவனிப்பார்கள். மேசையில் மடங்காத கணுக்கால் ஓட்டத்தில் நன்றாக மடங்கினால் அங்கேயே பிடிபட்டுவிடும். வேண்டுமென்றே ஏமாற்றியது நிரூபணமானால் தடை வரும். அந்த இடம், 13 சென்டிமீட்டரை உண்மையில் இழந்த ஒருவருக்கு உரியது.