மழை பெய்தால் விழா எப்போது?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தின் கலைவிழாவை ஐப்பசியில் மைதானத்தில் நடத்துகிறோம். அறிவித்தலில் "மழை பெய்யாவிட்டால் சனிக்கிழமை நடைபெறும்" என்று போட்டோம். தெளிவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அதில் என்ன பிழை?
- செயலாளர், கோண்டாவில்

பதில்: குறை சொல்பவர்கள் சொல்வது சரி. மழை பெய்யாத சனிக்கிழமையைப் பற்றித்தான் உங்கள் வாக்கியம் பேசுகிறது. மழை பெய்தால் விழா கைவிடப்படுமா, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிற்போடப்படுமா, மண்டபத்துக்கு மாற்றப்படுமா என்பதை வாசிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஆளுக்கு ஒரு விதமாக ஊகிக்கவும் செய்வார்கள். போதாக்குறைக்கு, எந்த மழை என்பதும் அதில் இல்லை. சாவகச்சேரியில் கொட்டும் மழை கோண்டாவிலில் ஒரு துளியும் விழாமல் போகலாம். வெள்ளி இரவு பெய்து நின்ற மழை மைதானத்தைச் சேறாக்கிவிட்டு, சனிக்கிழமை நல்ல வெயிலைத் தரலாம். அப்போது உங்கள் வாக்கியத்தின்படி விழா உண்டு, மைதானத்தின்படி இல்லை.

ஆகவே நிபந்தனையை வானத்தில் வைக்காமல், ஒருவர் நேரில் போய்ப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய ஒன்றில் வையுங்கள்: குறித்த மணிக்கு மைதானத்தில் தண்ணீர் நிற்கிறதா என்பது அத்தகையது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவித்தலை மட்டும் நிபந்தனையாக்குவது ஐப்பசிக்கு ஒத்துவராது. பிற்பகலில் இடியுடன் மழை பெய்யக்கூடும் என்ற வரி அந்த நாட்களில் அடிக்கடி வரும். அதை நம்பினால் மார்கழி கழியும்வரை எந்த விழாவும் நடக்காது.

அந்த மணி எது என்பதுதான் பலர் யோசிக்காமல் விடும் இடம். தீர்மானத்தைப் பிற்போடப் பிற்போட நிலைமை தெளிவாகும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குள் ஆட்கள் புறப்பட்டுவிடுவார்கள். உங்கள் விழா பிற்பகல் 4 மணிக்கு என்றும், நெடுந்தீவிலிருந்து ஒரு கூத்துக் குழு வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அவர்கள் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வந்து, பிறகு உங்களிடம் வரவேண்டும். 11 மணிக்கு இறங்குதுறையில் நிற்கவேண்டும் என்றால், 2 மணிக்கு எடுக்கும் தீர்மானத்தால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. ஒலிபெருக்கிக்காரரும் கதிரை கொண்டுவருபவரும் அதற்குப் பிறகுதான் வாகனம் எடுப்பார்கள் என்பதால், முதலில் புறப்படுபவருக்குச் சற்று முன்பாக, 10 மணிக்குத் தீர்மானிப்பது போதும். 10 மணிக்கு வெயில் எறித்து 3 மணிக்கு மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கும் அறிவித்தலிலேயே ஒரு வரி வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் 10 மணித் தீர்மானத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று: "10.30 மணிக்குள் அறிவித்தல் வராவிட்டால் விழா உண்டு" என்று எழுதும் ஆசை வரும், எழுதாதீர்கள். கடும் மழையில் மின்சாரமும் தொலைபேசி இணைப்பும் போகக்கூடும். விழா இல்லை என்ற செய்தி போய்ச் சேராமல் தடுப்பது அதே மழையாகவே இருக்கலாம், அப்படியானால் மௌனம் ஆட்களைச் சேற்றுக்குத்தான் அழைத்துவரும். உண்டு என்றாலும் இல்லை என்றாலும் செய்தி அனுப்புவதாகச் சொல்லுங்கள். தீர்மானிப்பவர் ஒருவராக இருக்கட்டும். நிருவாக சபை கூடித் தீர்மானிக்கும் என்று எழுதினால், 10 மணிக்கு யார் வருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி இப்படி அச்சிடலாம்:

"கலைவிழா சனிக்கிழமை பி.ப. 4.00 மணிக்கு நிலைய மைதானத்தில் நடைபெறும். அன்று மு.ப. 10.00 மணிக்கு மைதானத்தில் தண்ணீர் நின்றால், விழா மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் அதே இடத்தில் நடைபெறும். எந்த நாள் என்பதைச் செயலாளர் தீர்மானித்து, சனிக்கிழமை மு.ப. 10.30 மணிக்குள் வாட்ஸ்அப் குழுவிலும் நிலைய வாசல் பலகையிலும் அறிவிப்பார். அறிவித்தல் கிடைக்காதவர்கள் புறப்படுமுன் செயலாளரைத் தொலைபேசியில் அழைக்கவும். சனிக்கிழமை விழா உண்டு என்று அறிவித்தபின் மழை பெய்தால், விழா அன்றே நிலைய மண்டபத்தில் நடைபெறும்."

செயலாளரின் இலக்கத்தை அதே பக்கத்தில் போட மறக்கவேண்டாம். ஞாயிறும் மைதானம் காயாவிட்டால் என்ன என்பதை அறிவித்தலில் நீட்டவேண்டியதில்லை. சனிக்கிழமை பிற்போடும் செய்தியிலேயே, ஞாயிற்றுக்கிழமை மைதானமா மண்டபமா என்பதை அன்று மு.ப. 10.30 மணிக்குள் அறிவிப்பதாகச் சேர்த்துவிடுங்கள். மண்டபத்தில் எத்தனை கதிரை போடலாம் என்பதை மட்டும் அச்சுக்குக் கொடுக்குமுன் எண்ணிப் பாருங்கள். மைதானத்துக்கு வருகிற அத்தனை பேரும் அங்கே அடங்கமாட்டார்கள் என்றால் கடைசி வாக்கியத்தை மாற்றியாக வேண்டும்.