தராசுக்கு கீ, ஆளுக்கு டோக்கன்

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் தராசுகளிலிருந்து எடையைச் சர்வருக்கு அனுப்ப ஒரு ஆப் எழுதுகிறேன். ஏபிஐ கீ மட்டும் போதுமா, லாகின் டோக்கனும் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். கூப்பிடுவது எந்த ஆப் என்பதைக் கீ சொல்லும். அந்த ஆப்பைப் பயன்படுத்தும் ஆள் யார் என்பதை டோக்கன்தான் சொல்லும். ஒரு அக்காவின் பெயரில் 18 கிலோ பதிவாகி, பின்னேரம் அது 15 ஆகிவிட்டது என்று வையுங்கள். கீ மட்டும் இருந்தால், சர்வர் பதிவில் "மூன்றாம் தராசு" என்றுதான் இருக்கும். மாற்றியது யார் என்று அவர் கேட்டால் உங்களிடம் பதில் இராது. அது அவருடைய நாட்சம்பளம். அதனால் எடையைத் திருத்தும் வேலைக்குக் கணக்கப்பிள்ளையின் டோக்கனைக் கட்டாயமாக்குங்கள்.

எல்லாத் தராசுக்கும் ஒரே கீயைக் கொடுக்காதீர்கள். தராசுக்கு ஒன்று, அதற்கும் ஒரே ஒரு அனுமதி:

```
scale-03: POST /weights
```

ஏபிகே கோப்பைப் பிரித்தால் உள்ளே இருக்கும் கீயை யாரும் எடுக்கலாம். எடுத்தவர் பொய் எடை அனுப்பக்கூடும், ஆனால் சம்பளப் பட்டியலைப் பார்க்க முடியாது. இரவு இரண்டு மணிக்கு எடை வந்தால் கீ வெளியே போய்விட்டதென்று சந்தேகப்படுங்கள். அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்தால் மற்றத் தராசுகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

தராசுக் கீயை வைத்து `GET /wages` கூப்பிட்டுப் பாருங்கள். `403` வர வேண்டும். `200` வந்தால், கட்டுப்பாடு காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.